புது காபி கிரைண்டரா, தண்ணீரா: மூன்று டம்ளர் வைத்துக் கண்டுபிடிப்பது எப்படி?

கேள்வி: "சேலம் அஸ்தம்பட்டியில இருக்கோம். போன மாசம் பழைய பிளேடு மெஷினை விட்டுட்டு பர் கிரைண்டர் வாங்கினேன். அதே வாரம் போர் தண்ணிய நிறுத்திட்டு கேன் தண்ணிக்கும் மாறினோம். காபி ரொம்ப நல்லா ஆயிடுச்சுன்னு எனக்குத் தோணுது. காசு போட்டதால அப்படித் தெரியுதுங்கிறார் வீட்டுக்காரர். மூணு டம்ளர் வச்சு ருசி பார்க்கிற சோதனை பத்திப் படிச்சேன். வீட்ல நாலு பேர்தான். எப்படிப் பண்றது?"

பதில்:

உங்கள் வீட்டில் ஓடுவது இரண்டு தனித்தனி வழக்குகள். காபி மாறியதா என்பது ஒன்று. மாறியது நல்லதுக்கா என்பது இன்னொன்று. மூன்று டம்ளர் சோதனை முதல் வழக்குக்கு மட்டும்தான் தீர்ப்பு சொல்லும். உங்கள் வீட்டுக்காரர் கிளப்பியிருக்கும் சந்தேகமும் அதைப் பற்றித்தான் என்பதால் அதிலிருந்தே தொடங்கலாம். நான் பதினேழு வருஷம் சேலத்தில் ஒரு காபி கம்பெனியில் கொட்டை ருசி பார்க்கும் வேலையில் இருந்தேன். ஏற்காட்டிலிருந்து வரும் மூட்டைகளைக் கழித்துக் கட்டுவதும் சேர்த்துக் கட்டுவதும் எங்கள் நாக்கை நம்பித்தான் நடந்தது. அந்த நாக்கு எத்தனை தடவை ஏமாறும் என்பதையும் அங்கேதான் கற்றுக்கொண்டேன்.

முறை பழையது. 1940-களில் டென்மார்க்கின் கார்ல்ஸ்பெர்க் பீர் ஆலையில் பழக்கத்துக்கு வந்தது. மூன்று டம்ளரில் இரண்டில் ஒரே காபி, ஒன்றில் வேறு. எது வேறு என்று குடிப்பவர் சொல்ல வேண்டும். எது நல்லது, எது கேன் தண்ணீர் என்றெல்லாம் கேட்கக் கூடாது. "எனக்குத் தெரியவில்லை" என்ற பதிலும் கிடையாது. தெரியாவிட்டாலும் ஏதாவது ஒன்றைக் கைகாட்டியே தீர வேண்டும். ஏனென்றால் கணக்கு முழுக்க அதன்மேல்தான் நிற்கிறது. கண்ணை மூடிக்கொண்டு கைகாட்டினாலும் மூன்றில் ஒரு தடவை சரியாக வந்துவிடும். 12 தடவை கேட்டால் குருட்டாம்போக்கிலேயே சராசரியாக 4 சரியாக இருக்கும். 7-ஓ அதற்கு மேலோ குருட்டாம்போக்கில் வர நூற்றுக்கு 6 அல்லது 7 தடவை வாய்ப்பு உண்டு. 8-ஓ அதற்கு மேலோ வருவது நூற்றுக்கு இரண்டு தடவைகூட இல்லை. நூற்றுக்கு ஐந்துக்குக் கீழே போனால்தான் ஏற்பது என்பது வழக்கம் என்பதால், 12-க்கு 8 என்பதுதான் உங்கள் கோடு.

நாலு பேர் என்பது குறை இல்லை. ஒருவர் ஊற்ற, மூவர் குடிக்க வேண்டும். நாலு சுற்றில் ஆளுக்கு ஒருமுறை ஊற்றும் வேலை வரும், ஆளுக்கு மூன்று முறை குடிக்கும் வேலை வரும். மொத்தம் 12 ஆகிவிட்டது. ஒரு நாளைக்கு இரண்டு சுற்றுக்கு மேல் வேண்டாம், நாக்கு மரத்துப்போகும். இந்த 12 பதிலும் நாலு பேருடையவை மட்டுமே என்பதை ஞாபகம் வையுங்கள். இதிலிருந்து உங்கள் வீட்டைப் பற்றிச் சொல்லலாம், சேலத்து ஜனங்களுக்கெல்லாம் வித்தியாசம் தெரியும் என்று சொல்ல முடியாது. நீங்கள் கேட்டதும் உங்கள் வீட்டைப் பற்றித்தானே.

முதலில் தண்ணீரை எடுத்துக்கொள்ளுங்கள், கிரைண்டரை அப்புறம் பார்க்கலாம். தண்ணீரில் மற்ற எல்லாவற்றையும் ஒன்றாக வைத்திருப்பது சுலபம். ஃபில்டரில் மட்டும் போடாதீர்கள். உங்களிடம் இரண்டு ஃபில்டர் இருந்தாலும் ஓட்டை ஒன்றுபோல் இருக்காது. ஒன்றில் டிகாக்ஷன் சீக்கிரம் இறங்கும், இன்னொன்றில் மெதுவாக இறங்கும், நீங்கள் ருசிப்பது தண்ணீரையா ஃபில்டரையா என்றே தெரியாது. நாங்கள் கம்பெனியில் ஊறவைத்துத்தான் பார்ப்போம். 150 மில்லிக்கு 8.25 கிராம் என்பது ருசி மேஜையில் உலகம் முழுக்கப் புழங்கும் அளவு. உங்களுக்கு ஒரு சுற்றுக்கு ஒவ்வொரு தண்ணீரிலும் 400 மில்லி, 22 கிராம் தூள். ஒரே பையிலிருந்து, ஒரே மெஷினில், ஒரே நேரத்தில் அரைத்த தூளை நன்றாகக் கலந்து, தராசில் இரண்டாகப் பிரியுங்கள். ஒரே மாதிரியான இரண்டு பாத்திரத்தில் போட்டு, கொதித்த தண்ணீரை இரண்டிலும் ஒரே சமயத்தில் ஊற்றி, நாலு நிமிஷம் கழித்துக் கிளறி வடிகட்டுங்கள். தூள் குடித்தது போக ஒவ்வொன்றிலும் முந்நூற்றைம்பது மில்லி மிஞ்சும். ஒரு டம்ளருக்கு 50 மில்லி என்றால் ஒன்பது டம்ளருக்குத் தாராளம். அடுத்த சுற்றில் பாத்திரத்தை மாற்றிக்கொள்ளுங்கள். போன தடவை கேன் தண்ணீர் இருந்ததில் இப்போது போர் தண்ணீர்.

கேன் தண்ணீரை அ என்றும் போர் தண்ணீரை ஆ என்றும் வைத்துக்கொண்டால் மூன்று டம்ளரை ஆறு விதமாக அடுக்கலாம்: அஅஆ, அஆஅ, ஆஅஅ, ஆஆஅ, ஆஅஆ, அஆஆ. ஒவ்வொன்றையும் இரண்டு துண்டுச் சீட்டில் எழுதி, பன்னிரண்டையும் ஒரு டப்பாவில் போட்டுக் குலுக்குங்கள். ஊற்றுபவர் ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு சீட்டு எடுத்து அதன்படி ஊற்ற வேண்டும். எடுத்த சீட்டைத் திரும்பப் போடக் கூடாது. டம்ளர் அடியில் 481, 206, 937 மாதிரி அர்த்தமில்லாத எண்களை ஒட்டுங்கள். 1, 2, 3 என்றோ அ, ஆ என்றோ எழுதினால் மனசு தானாக முதல் டம்ளரை உசத்தி ஆக்கிவிடும். ஊற்றுபவர் சமையலறையிலேயே எல்லாவற்றையும் முடித்து, தட்டை மேஜையில் வைத்துவிட்டு வெளியே போய்விட வேண்டும். பக்கத்தில் நின்றால் முகத்தில் தெரிந்துவிடும். புருஷன் பெண்டாட்டிக்குள் அது ரொம்பவே தெரியும். நாலு சுற்றும் முடியும்வரை யார் சரி, யார் தப்பு என்று வாய் திறக்கக் கூடாது.

இதுவரை சொன்னது யாரும் செய்யக்கூடியது. வழுக்கிவிடும் இடம் இனிமேல்தான் வருகிறது. எனக்கு நடந்ததையே சொல்கிறேன். ஒருமுறை இரண்டு தண்ணீருக்கு இந்தச் சோதனையை நடத்தி 12-க்கு 11 வந்தது. மூன்று பேரும் அவ்வளவு நிச்சயமாகக் கைகாட்டினார்கள். எனக்கே கொஞ்சம் அதிகமாகப் பட்டதால் மறுநாள் அவர்களிடம் சொல்லாமல் இரண்டு பாத்திரத்திலும் ஒரே தண்ணீரை வைத்தேன். முதல் பாத்திரத்துக் காபி, இரண்டாவது பாத்திரத்துக் காபி என்று பிரித்து அதே சீட்டுப்படி ஊற்றினேன். வித்தியாசமே இல்லாத காபியில் 12-க்கு 9 சரியாக வந்தது! காரணத்தைத் தேடினால், எங்களிடம் இருந்தது ஒரே கெட்டில். முதல் பாத்திரத்துக்கு ஊற்றிவிட்டு மறுபடி கொதிக்கவைத்து இரண்டாவதுக்கு ஊற்ற ஐந்து நிமிஷம் ஆகியிருந்தது. இரண்டாவது பாத்திரத்துக் காபி எப்போதும் கொஞ்சம் சூடாக இருந்தது. அவர்கள் கண்டுபிடித்தது சூட்டை. பொய் யாரும் சொல்லவில்லை, உண்மையிலேயே "இது வேற மாதிரி இருக்கு" என்றுதான் சொன்னார்கள். சூடு மாறினால் புளிப்பும் கசப்பும் நாக்குக்கு வேறுவிதமாகத் தெரியும், அதனால் ருசியே மாறியதுபோல் இருக்கும்.

அதிலிருந்து நான் இரண்டு விஷயங்களை விடுவதில்லை. ஊற்றிய டம்ளர்கள் எல்லாவற்றையும் ஒரு அகலத் தட்டில் வெதுவெதுப்பான தண்ணீரில் பத்து நிமிஷம் நிற்கவைத்து, கைக்கு ஒரே சூடாக வந்த பிறகுதான் மேஜைக்கு அனுப்புவேன். காபி ஆறிப்போகுமே என்று யோசிக்காதீர்கள். கொதிக்கக் கொதிக்கக் குடிக்கும்போதைவிட வெதுவெதுப்பில்தான் வித்தியாசம் நன்றாகத் தெரியும். அப்புறம், நிஜ சோதனைக்கு முன்னால் ஒரு சுற்றாவது இப்படி ஒரே தண்ணீரை வைத்துப் பார்ப்பேன். மூன்று பேர் குடிக்கும் ஒரு சுற்றில் மூன்றும் சரியாக வந்தால் (குருட்டாம்போக்கில் அது 27-க்கு ஒரு தடவைதான் வரும்) எங்கோ ஓட்டை இருக்கிறது. சூடு, டம்ளரின் அளவு, கண்ணுக்குத் தெரியும் நிறம் என்று ஒவ்வொன்றாகத் தேட வேண்டும். உங்களுக்கு நிறம் முக்கியம். உப்புத் தண்ணீரில் போட்ட காபிமேல் சில சமயம் மெல்லிய ஏடு படியும், அதைப் பார்த்தே சொல்லிவிடுவார்கள். கண்ணாடி டம்ளர் வேண்டாம், எவர்சில்வரில் ஊற்றி விளக்கை மங்கலாக வைத்துக்கொள்ளுங்கள்.

ஏற்காட்டில் ஒரு நண்பர் வீட்டில் நடத்திய சோதனையை முழுசாகச் சொல்கிறேன், அது உங்களுக்குப் பொருந்தும். அவர் தோட்டத்து ஊற்றுத் தண்ணீருக்குப் பழகியவர். மகன் சேலத்தில் வீடு எடுத்த பிறகு அங்கே காபி சப்பென்று இருப்பதாகச் சொல்லிக்கொண்டே இருந்தார். மகன் வீட்டில் போர் தண்ணீர். காபித்தூளைக் கொண்டுபோய்ப் பார்க்காமல் தண்ணீரை மேலே கொண்டுவரச் சொன்னேன். ஏற்காடு 1500 மீட்டர் உயரம் என்பதால் அங்கே தண்ணீர் 95 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடும். கீழே சேலத்தில் 99 டிகிரி. அங்கே ஒன்று இங்கே ஒன்று போட்டிருந்தால் தண்ணீரோடு சூடும் மாறியிருக்கும். ஒரே அடுப்பங்கரையில், ஒரே தோட்டத்து அராபிகா கொட்டையில், சிக்கரி இல்லாமல், மேலே சொன்ன அளவில் நாலு சுற்று நடத்தினோம். 12-க்கு 10 வந்தது. அதற்கு முன் ஒரே தண்ணீரை வைத்துப் பார்த்த சுற்றில் மூன்றில் ஒன்றுதான் சரி. ஆக, கறுப்புக் காபியில் வித்தியாசம் நிச்சயம்.

அடுத்த வாரம் அதையே அவர்கள் தினமும் குடிக்கிறபடி, பாலும் சர்க்கரையும் அளந்து சேர்த்துப் பார்த்தோம். 5 வந்தது. அவர் மகன் உடனே "அப்ப பால் காபிக்கு எந்தத் தண்ணியும் ஒண்ணுதான்" என்றார். அவ்வளவு தூரம் போக முடியாது. உண்மையிலேயே வித்தியாசம் இருந்து, பாதித் தடவை சரியாகச் சொல்லக்கூடிய நாக்குகள் இருந்தாலும், 12 தடவையில் 8-ஐ எட்டுவது ஐந்தில் ஒரு முறைதான். மற்ற நான்கு முறையும் இந்தச் சோதனை கோட்டை விட்டுவிடும். 36 தடவை செய்து 18 சரியாக வர வேண்டும் என்று வைத்தால்கூட, அப்படிப்பட்ட சின்ன வித்தியாசத்தைப் பிடிக்கும் வாய்ப்பு பாதியைவிடக் கொஞ்சம்தான் அதிகம். அதனால் 8-ஓ அதற்கு மேலோ வந்தால் "வித்தியாசம் இருக்கிறது" என்று தைரியமாகச் சொல்லலாம். கீழே வந்தால் "பெரிய வித்தியாசம் இல்லை போலிருக்கிறது" என்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். ஆனாலும் வீட்டில் குடிப்பது பால் காபிதான் என்றால், நாலு பேர் உட்கார்ந்து கவனமாகத் தேடியும் சிக்காத வித்தியாசத்துக்காக மாசாமாசம் செலவு செய்வதா என்று யோசிப்பது நியாயமே.

அந்தக் கறுப்புக் காபி ஏன் சப்பென்று இருந்தது என்பதற்குக் காரணம் தண்ணீரில் உள்ள பைகார்பனேட். அது காபியின் புளிப்பை முறித்துவிடும், புளிப்பு போனால் காபிக்குத் துடிப்பு இல்லை. சுண்ணாம்புக் கரடு என்று நாம் சொல்லும் குன்றுகளில் மேக்னசைட் பாறை கிடக்கும் ஊர் இது. போர் தண்ணீர் பாத்திரத்தில் வெள்ளையாகப் படிவதைப் பார்த்திருப்பீர்கள். மேட்டூரிலிருந்து வரும் குழாய்த் தண்ணீர் வேறு, அதை இதோடு சேர்க்காதீர்கள். கடையில் விற்கும் டிடிஎஸ் மீட்டர் மொத்த உப்பைத்தான் காட்டும், இந்த ஒன்றைப் பிரித்துக் காட்டாது. மீன் தொட்டிக் கடையில் இந்தப் பைகார்பனேட்டை, அவர்கள் கே.எச். என்று சொல்வதை, அளக்கும் சொட்டு மருந்து கிடைக்கும். பெரும்பாலும் ஒரு சொட்டு ஒரு டிகிரி, அதாவது கால்சியம் கார்பனேட் கணக்கில் லிட்டருக்கு சுமார் 18 மில்லிகிராம். காபிக்குப் பொதுவாகச் சொல்லும் அளவு அதே கணக்கில் 40-லிருந்து 70 மில்லிகிராம் வரை. ஒரு கேனில் ஏறக்குறைய ஒன்றுமே இல்லாமலும் இருக்கலாம், அப்போது காபி கூர்மையாகப் புளிக்கும். கேனுக்குக் கேன் மாறவும் மாறும், அதனால் நாலு சுற்றுக்கும் ஒரே கேனிலிருந்து தண்ணீரைப் பிடித்து வைத்துவிடுங்கள்.

கிரைண்டருக்கு வருகிறேன். இங்கே கஷ்டம் வேறு. பழைய பிளேடு மெஷினில் அரைத்ததையும் புதிய பர் கிரைண்டரில் அரைத்ததையும் அப்படியே எடுத்து மூன்று டம்ளரில் வைத்தால் கிட்டத்தட்ட நிச்சயம் 8-க்கு மேல் வரும். அதற்கு அர்த்தம் புது கிரைண்டர் காபியை மாற்றியது என்பதல்ல. ஒன்று பொடியாகவும் ஒன்று பருபருவென்றும் அரைபட்டிருக்கும். பொடியிலிருந்து சாறு சீக்கிரம் இறங்கும், காபி திக்காக இருக்கும். குடிப்பவர்கள் திக்கையும் தண்ணியையும் கண்டுபிடிப்பார்கள். பழைய மெஷினையே இன்னும் பத்து விநாடி ஓட்டியிருந்தால் அந்த வித்தியாசம் போயிருக்கக்கூடும். நீங்கள் கேட்பது மெஷினைப் பற்றி என்றால் திக்கை முதலில் சமப்படுத்த வேண்டும்.

காபியின் திக்கை அளக்க ரிஃப்ராக்டோமீட்டர் என்று ஒரு கருவி உண்டு. தெரிந்த ரோஸ்டரிடம் இருந்தால் கேட்டுப் பாருங்கள். இல்லாவிட்டால் நான் செய்வது இது. பழைய மெஷினில் வழக்கம்போல் அரைத்ததை ஒரு பாத்திரத்தில் ஊறவைப்பேன். புதிய கிரைண்டரில் மூன்று அளவில் அரைத்து மூன்று பாத்திரத்தில் ஊறவைப்பேன். மறைக்காமல், எது எது என்று தெரிந்தே குடித்துப் பார்த்து, திக்கில் பழையதற்கு எது கிட்ட வருகிறது என்று ஒன்றைத் தேர்ந்தெடுப்பேன். தேவைப்பட்டால் இன்னும் ஒரு புள்ளி முன்னும் பின்னும் நகர்த்துவேன். அந்த ஒரு அளவோடுதான் மறைத்து வைத்த சோதனை. அதில் 8-ஓ அதற்கு மேலோ வந்தால் திக்கைத் தாண்டியும் ஏதோ மாறியிருக்கிறது. பெரும்பாலும் அது பிளேடு மெஷின் தரும் மாவு போன்ற நைசும் பெரிய துண்டுகளும் ஒன்றாகக் கிடப்பதால் வரும் கசப்பும் பச்சை வாடையும்தான். 8-க்குக் கீழே வந்தால், புதிய கிரைண்டர் உங்களுக்குக் கொடுத்தது முக்கியமாக, வேண்டிய அளவைத் தினமும் அதே மாதிரி அரைக்கும் வசதி என்று எடுத்துக்கொள்ளலாம். அதுவும் சின்ன விஷயமில்லை. ஆனால் நாக்கால் சமப்படுத்தியது கருவியால் சமப்படுத்தியது போல ஆகாது, ஆகையால் இந்த முடிவைத் தண்ணீர் முடிவு அளவுக்கு நான் நம்ப மாட்டேன்.

அரைக்கும்போது இரண்டு கவனம். பர் கிரைண்டருக்குள் முந்தைய தூள் கொஞ்சம் தங்கியிருக்கும், முதலில் அரைபடும் ஐந்து கிராமைக் கொட்டிவிடுங்கள். பிளேடு மெஷின் ஒவ்வொரு ஓட்டத்திலும் ஒவ்வொரு மாதிரி அரைக்கும். அதனால் ஒரு நாளுக்கு வேண்டியதை இரண்டு மூன்று ஓட்டமாக அரைத்து ஒன்றாகக் கலந்துவிட்டு அதிலிருந்து நிறுங்கள். இரண்டு தூளையும் ஒரே நேரத்தில் அரையுங்கள். ஒன்று காலையில் அரைத்தது, ஒன்று இப்போது அரைத்தது என்றால் வாசனையே காட்டிக்கொடுத்துவிடும். தண்ணீர் ஒரே தண்ணீர், கேனோ போரோ. வீட்டில் சிக்கரி கலப்பீர்கள் என்றால் இந்தச் சோதனைக்கு மட்டும் அதை விட்டுவிடுங்கள்.

கடைசியாக ஒன்று, அனுபவசாலிகளும் இதில் சறுக்குவதைப் பார்த்திருக்கிறேன். 12-க்கு 7 வந்ததும் "ஒண்ணுதானே குறையுது, இன்னொரு சுற்று பார்க்கலாம்" என்று தோன்றும். பார்க்காதீர்கள். வேண்டிய எண் வரும்வரை சுற்றைக் கூட்டிக்கொண்டே போனால், ஒரே காபியை வைத்தாலும் என்றாவது ஒரு நாள் அந்த எண் வந்துவிடும். எத்தனை சுற்று என்பதை முதல் நாளே காகிதத்தில் எழுதிவிடுங்கள், அதில் வீட்டுக்காரரையும் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். 7 வந்து மனசு கேட்கவில்லை என்றால் ஒரு வாரம் விட்டு, புதிதாக 12, தனிக் கணக்காக, மறுபடி 8 என்ற அதே கோட்டோடு நடத்துங்கள். இரண்டையும் கூட்டிப் பார்த்துத் தீர்ப்பு எழுத வேண்டாம்.

8-ஓ அதற்கு மேலோ வந்துவிட்டால் மட்டும், எது நன்றாக இருக்கிறது என்று கேட்கும் நாள் இன்னொன்று வையுங்கள். அதற்கு இரண்டு டம்ளர் போதும், எண் ஒட்டி, வரிசை மாற்றி, நாலு பேரும் பிடித்ததைச் சீட்டில் எழுதட்டும். அந்த ஏற்காட்டு வீட்டில் வித்தியாசம் தெரிந்த பிறகு அப்படிக் கேட்டபோது, மகன் சேலத்துத் தண்ணீர்க் காபியைத்தான் தேர்ந்தெடுத்தார். அவருக்குப் புளிப்பு பிடிக்காதாம்.